கடன் பத்திரம் படிப்போம் – 9
ஒரே கடன், மூன்று வட்டி

ஒரு வாசகி தன் கடன் ஒப்பந்தத்தை முழுவதுமாக பி.டி.எஃப். கோப்பாக அனுப்பியிருக்கிறார். மகளின் கல்லூரிச் செலவுக்காக ஒரு நிதி நிறுவனத்தில் 2025 தொடக்கத்தில் வாங்கிய தனிநபர் கடன். தொகை 3 லட்சம் ரூபாய், 36 மாதத் தவணை, மாதம் 11,333 ரூபாய். 12 தவணை கட்டிவிட்டார். "ஏஜென்ட் வருஷத்துக்கு 12 சதவீதம்னு சொன்னார். அனுமதிக் கடிதத்திலும் 12தான் இருக்கு. உள்ளே ஒரு பக்கத்தில் 21.2ன்னு இருக்கு, இன்னொரு இடத்தில் 25ன்னு இருக்கு. என்னை ஏமாத்திட்டாங்களா? நகையை வச்சு மொத்தமா அடைச்சிடலாமா?" என்று கேட்கிறார்.

மூன்று எண்ணும் ஒரே கடனைப் பற்றியவைதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகக் கணக்கிட்டது.

முதலில் 12. நம் ஊரில் "ஒரு ரூபாய் வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். அந்தப் பழக்கத்தில் அசல் கடைசிவரை நம் கையில் இருக்கும். மாதாமாதம் வட்டி மட்டும் கொடுத்து, முடிவில் அசலைத் திருப்புவோம். இந்த ஒப்பந்தத்திலோ வட்டி முழு 3 லட்சத்துக்கும் 3 ஆண்டுக்குப் போடப்பட்டிருக்கிறது: 1,08,000 ரூபாய். அதை அசலோடு கூட்டி 36ஆல் வகுத்தால் வருவதுதான் 11,333. ஆனால் அசலும் முதல் மாதத்திலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசி ஆண்டில் அவரிடம் இருப்பது கடனின் சிறு பகுதிதான். வட்டி மட்டும் மூன்று லட்சத்துக்கு. இதைத்தான் ஃபிளாட் வட்டி என்கிறார்கள். மாதாமாதம் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டு, அதே 11,333 ரூபாய் தவணை வரவேண்டுமென்றால் வட்டி விகிதம் 21.2 சதவீதமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும் 21.2 இதுதான். இதுவே உண்மையான வட்டி. வங்கிக் கடனோடு ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து 25. அவர் கையெழுத்திட்டது 3 லட்சத்துக்கு. வங்கிக் கணக்கில் வந்தது 2,85,000. பிராசஸிங் ஃபீஸ் இரண்டரை சதவீதம், 7,500 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,350 ரூபாய், கடனோடு சேர்த்து விற்ற காப்பீட்டுக்கு 6,150 ரூபாய். மொத்தம் 15,000 ரூபாய் முதலிலேயே பிடித்தாகிவிட்டது. கைக்கு வந்த 2,85,000க்கு மாதம் 11,333 வீதம் 36 மாதம் கட்டுவதாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 25 சதவீதம். இதற்குப் பெயர் ஏ.பி.ஆர்.

இந்த எண்ணை நிறுவனம் தானாக முன்வந்து எழுதவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் எல்லாத் தவணைக் கடன்களுக்கும் கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. காப்பீடு போல மற்றவருக்காக நிறுவனம் பிடிக்கும் தொகையும் ஏ.பி.ஆரில் சேர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்த அறிக்கை இருக்க வேண்டும். கே.எஃப்.எஸ்ஸில் சொல்லாத கட்டணத்தைப் பிறகு அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. ஆகவே "ஏமாத்திட்டாங்களா?" என்ற கேள்விக்கு என் பதில்: ஏஜென்ட் வாய்வார்த்தையில் மறைத்தார், காகிதத்தில் மறைக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது அந்த அறிக்கையைத்தான்.

இனி நகை வைத்து அடைப்பது. இதற்கு கே.எஃப்.எஸ்ஸோடு இணைத்திருக்கும் தவணை அட்டவணை வேண்டும். முதல் வரியில் வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். 3,000 என்று இருந்தால் பாக்கியையும் ஃபிளாட்டாகவே கணக்கிடுகிறார்கள். 12 தவணைக்குப் பிறகு அசல் சரியாக 2 லட்சம் இருக்கும். வாசகியின் அட்டவணையில் முதல் மாத வட்டி 5,300. அதாவது குறையும் பாக்கி முறை. இதில் ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம். அவர் கட்டிய 1,36,000 ரூபாயில் சுமார் 56,000 வட்டிக்கே போய்விட்டது. அசல் பாக்கி ஏறத்தாழ 2,20,130. மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தவருக்கு இது வருத்தம் தரும் எண்தான். ஆனால் கணக்கில் பிழையில்லை.

இதன்மேல் ஃபோர்குளோஷர் கட்டணம். ஒப்பந்தப்படி பாக்கி அசலில் 5 சதவீதம், கூடவே ஜி.எஸ்.டி.; சேர்த்து ஏறக்குறைய 12,990 ரூபாய். இந்தக் கட்டணமே கூடாதே என்று சிலர் சொல்வார்கள். வாசகி கடன் வாங்கிய 2025 தொடக்கத்தில், வியாபாரத்துக்கு அல்லாமல் தனிநபர் வாங்கிய, வட்டி ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் கடனுக்குத்தான் ரிசர்வ் வங்கியின் தடை இருந்தது. வாசகியின் ஒப்பந்தத்தில் "நிலையான வட்டி" என்று இருக்கிறது. கே.எஃப்.எஸ்ஸிலும் கட்டணத்தைக் குறிப்பிட்டிருப்பதால் அவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆக, இன்று கடனை முடிக்க 2,33,120 ரூபாய் வேண்டும். முடிக்காமல் தொடர்ந்தால் 24 தவணையில் 2,72,000 கட்டுவார். சொந்தப் பணம் கையில் இருந்தால் மிச்சம் ஏறக்குறைய 38,900 ரூபாய். இதையே இன்னும் ஒரு வருடம் கழித்துச் செய்தால் மிச்சம் வெறும் 7,200 ரூபாய்தான். வட்டியில் பெரும்பகுதி அதற்குள் கட்டி முடிந்திருக்கும். அடைப்பதென்றால் சீக்கிரம் அடைப்பதில்தான் லாபம்.

ஆனால் அவரிடம் சொந்தப் பணம் இல்லை, நகைதான் இருக்கிறது. வங்கி 10 சதவீத வட்டிக்கு, 24 மாதத் தவணையில் தருவதாகச் சொல்லியிருக்கிறது. 2,33,120 ரூபாய்க்குத் தவணை ஏறக்குறைய 10,757. இரண்டு ஆண்டில் கட்டுவது 2,58,175 ரூபாய். மிச்சம் 13,800 ரூபாய் சொச்சம்; நகை மதிப்பீட்டுக் கட்டணம் போக இன்னும் கொஞ்சம் குறையும். வட்டி பாதிக்கும் கீழே இறங்கியும் லாபம் இவ்வளவுதான் என்றால், காரணம் அந்த 12,990 ரூபாய்.

இன்னொன்றையும் அவர் யோசிக்க வேண்டும். இப்போதுள்ள கடனுக்கு அடமானம் எதுவும் இல்லை. தவணை தவறினால் வசூலிக்க வருவார்கள், சிபில் மதிப்பெண் விழும். வீட்டு நகை போகாது. நகைக்கடனில் தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். அவருடைய கணவரின் வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வருவதில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். 13,800 ரூபாய்க்காக நகையை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சீட்டுப் பணமோ போனஸோ வந்தால், பகுதித் தொகை கட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா, அதற்கும் கட்டணம் உண்டா என்று பார்த்து, அசலில் கட்டுங்கள். தவணைத் தொகையைக் குறைக்காமல் மாதங்களைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

அபராதப் பக்கத்தைப் பார்த்தும் அவர் பயந்திருக்கிறார். தவணை தாமதமானால் அபராதக் கட்டணம் போடலாம். ஆனால் 2024 ஏப்ரல் முதல் அதை வட்டி விகிதத்தோடு கூட்டவோ, அபராதத்துக்கு மேல் வட்டி போடவோ கூடாது. அப்படிப் போட்டால் நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

கடனை எப்போது முடித்தாலும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும் ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். அந்த 6,150 ரூபாய் காப்பீட்டில் மீதிக் காலத்துக்குத் திரும்ப வரவேண்டியது எவ்வளவு என்றும் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அந்தப் பேச்சை அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

(தொடரும்)