பணி அனுபவச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு

பணி அனுபவச் சான்றிதழும் பணி விடுவிப்புக் கடிதமும் ஒருவர் ஒரு நிறுவனத்தில் எந்தப் பதவியில், என்னென்ன வேலைகளை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை செய்தார் என்பதைக் காட்டும் ஆவணங்கள் ஆகும். தமிழகத்தில் சில ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும் இவற்றைத் தமிழிலேயே வழங்குகின்றன. வெளிநாட்டுக் குடியேற்றத்திற்கு விண்ணப்பிப்போர் இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டியுள்ளது. சம்பளச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அலுவலர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். பதவியோ தேதியோ பொருந்தாவிட்டால் அந்தப் பணிக்காலம் கணக்கில் சேராமல் போகலாம்.

எடுத்துக்காட்டு

கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்று தந்த சான்றிதழில் இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்: "இவர் 05.06.2017 முதல் மின்பணியாளராகப் பணிபுரிந்து, 14.08.2021 பிற்பகல் விடுவிக்கப்பட்டார். மின் பொறியாளரின் மேற்பார்வையில் மோட்டார்களையும் ஸ்டார்ட்டர்களையும் பழுது பார்த்தார். மொத்தப் பணிக்காலம் ஐந்து ஆண்டுகள்." இவருடைய சம்பளச் சீட்டுகளில் முதல் ஓராண்டு 'ட்ரெய்னி எலக்ட்ரீசியன்' என்றும், 2018 ஜூன் முதல் 'எலக்ட்ரீசியன்' என்றும் உள்ளது.

பதவியின் பெயர்

மின்பணியாளர் என்பதை எலக்ட்ரீசியன் என்றும் வயர்மேன் என்றும் பெயர்க்க இடமுண்டு. ஆனால் தொழிற்பயிற்சி நிலையங்களில் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். அகராதியால் இதைத் தீர்க்க முடியாது. அந்த ஆலையே ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை வழங்குகிறது என்பதைச் சம்பளச் சீட்டு காட்டுகிறது. தமிழ்ச் சொல் அந்தப் பொருளைத் தாங்குமானால் சீட்டில் உள்ள சொல்லையே எடுத்துக்கொள்வது முறை. இங்கே 'எலக்ட்ரீசியன்' பொருந்துகிறது. 'ட்ரெய்னி' என்பதற்கு நிகரான சொல் சான்றிதழில் இல்லாததால் அதை மொழிபெயர்ப்பில் சேர்க்கக் கூடாது.

பணிக்காலம்

05.06.2017 என்பதைச் சில நாடுகளில் மே 6 என்று படிப்பார்கள். ஆகவே மாதத்தை எழுத்தால் எழுதுவது நல்லது. 'பிற்பகல்' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. அன்றைய வேலையை முடித்த பிறகே விடுவிக்கப்பட்டார், அந்த நாளும் பணிநாளே என்பது அதன் பொருள். 'முற்பகல்' என்றிருந்தால் பொதுவாக முந்தைய நாளே கடைசிப் பணிநாள்.

சேர்ந்த மாதச் சீட்டும் கடைசி மாதச் சீட்டும் தேதிகளைச் சரிபார்க்க உதவும். நாட்காட்டி நாட்களைக் கொண்டு சம்பளம் கணக்கிடும் ஆலையில், 2017 ஜூன் சீட்டில் ஊதிய நாட்கள் 26 என்றும், 2021 ஆகஸ்ட் சீட்டில் 14 என்றும் இருந்தால் தேதிகள் சரி. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த எண் குறையும். அதைச் சீட்டிலேயே காணலாம்.

பணிகள்

"மேற்பார்வையில் பழுது பார்த்தார்" என்பதும் "மேற்பார்வை செய்தார்" என்பதும் வேறு. முதலாவது தொழிலாளியைக் குறிக்கிறது, இரண்டாவது மேலாளைக் குறிக்கிறது. அவசரத்தில் இவை இடம் மாறினால், சீட்டில் எலக்ட்ரீசியன் சம்பளம் வாங்கியவர் மொழிபெயர்ப்பில் சூப்பர்வைசர் ஆகிவிடுவார். வேலைகளை மூலத்தில் உள்ள வரிசையிலேயே தர வேண்டும். நாடுகளின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலிலிருந்து வாக்கியங்களை எடுத்து ஒட்டக் கூடாது.

முரண்பாடு இருந்தால்

இந்த எடுத்துக்காட்டில் இரண்டு முரண்கள் உள்ளன. தேதிகளின்படி பணிக்காலம் 4 ஆண்டு 2 மாதம் 10 நாள். 2017-18 முதல் 2021-22 வரை ஐந்து நிதியாண்டுகளை எண்ணி ஆலை 'ஐந்து ஆண்டுகள்' என்று எழுதியிருக்கலாம். மற்றொன்று, பயிற்சியாளராக இருந்த ஓராண்டைச் சான்றிதழ் தனியே காட்டவில்லை.

இவ்விரண்டையும் மொழிபெயர்ப்பாளர் திருத்தக் கூடாது. மூலத்தில் உள்ளபடியே 'ஐந்து ஆண்டுகள்' என்று பெயர்த்துவிட்டு, விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பதாரர் பதவிவாரியாகத் தேதிகளைப் பிரித்து, மொத்தக் காலத்தைத் திருத்திய புதிய சான்றிதழை ஆலையிடம் பெற்று, அதை மொழிபெயர்க்கத் தரலாம். ஆலை மூடப்பட்டிருந்தால் அவர் தம் பெயரில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி, சீட்டுகளுடன் இணைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்பது முத்திரை தெளிவில்லை, கையெழுத்து படிக்க இயலவில்லை போன்ற செய்திகளுக்கு மட்டுமே உரியது.

உறுதிமொழி

கனடாவின் குடியேற்றத் துறை, சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பையோ மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரத்துடன் கூடியதையோ கேட்கிறது. மூலத்தின் நகலும் உடன் இருக்க வேண்டும். விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பு ஏற்கப்படுவதில்லை. சான்றிதழில் பதவி, பணிகள், காலம் ஆகியவற்றுடன் வார வேலை நேரமும் ஆண்டுச் சம்பளமும் இருக்க வேண்டும் என்றும் அத்துறை எதிர்பார்க்கிறது. ஆகவே புதிய சான்றிதழ் கேட்கும்போதே இவற்றையும் சேர்த்துக் கேட்பது நல்லது.