இரவு 9.20-க்குக் கிளம்பிய கடிதம்

"ஆர்.டி.ஏ., பல இடங்களில் காயம், தலைக்காயம். மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்." மாவட்ட மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் ரெஃபரல் சிலிப்புகளில் பலவற்றில் இவ்வளவுதான் இருக்கும். கீழே ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் காத்திருக்கும் டாக்டருக்கு, நோயாளியைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடுவதைத் தவிர வேறு எதையும் இது சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இருந்தும் தென்காசி, மயிலாடுதுறை போன்ற மாவட்டங்களில் பலத்த அடிபட்டவர்களை இன்றும் பக்கத்து மாவட்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததை அதற்குப் பின்னால் வரும் டாக்டரிடம் சேர்ப்பது இந்த ஒரு தாள்தான்.

என்ன எழுத வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். சுமார் 35 வயது ஆண். இரவு 7.40-க்கு அவருடைய பைக் லாரியில் மோதியது. 108 ஆம்புலன்ஸ் 8.15-க்கு அவரை ஜி.எச். கேஷுவாலிட்டியில் சேர்த்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 132, ரத்த அழுத்தம் 84/50. இதயம் தறிகெட்டு ஓடுகிறது, அழுத்தமோ கீழே கிடக்கிறது. நாடித்துடிப்பின் எண் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால், உடம்புக்குள் எங்கோ ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று கேஷுவாலிட்டி டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். இடது நெஞ்சில் மூச்சுச் சத்தம் இல்லை. வயிற்றை ஸ்கேன் கருவியால் ஒரு நிமிடம் தடவிப் பார்த்ததில் மண்ணீரலைச் சுற்றித் திரவம் தெரிந்தது. இடுப்பெலும்பு ஆடுகிறது.

அன்றிரவு அங்கே பொது அறுவை மருத்துவர் இல்லை. நரம்பியல் அறுவை மருத்துவர் அந்த மருத்துவமனையிலேயே கிடையாது. பிரசவ அறுவைக்காக வந்திருந்த மயக்க மருத்துவர் மட்டும் இருக்கிறார்.

'நோயாளியை நிலைப்படுத்திவிட்டு அனுப்புங்கள்' என்பது பொதுவான விதி. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும் ஒருவரை முழுமையாக நிலைப்படுத்த ஒரே வழி, வயிற்றைத் திறந்து ரத்தக்கசிவை நிறுத்துவதுதான். அதைச் செய்ய ஆள் இல்லாத இடத்தில் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டு காத்திருந்தால் அது நிலைப்படுத்துவது ஆகாது. சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினால் இன்னும் அரை மணி நேரம் போகும், முடிவும் மாறப்போவதில்லை. எனவே இவர் நிலையில்லாமல் இருந்தாலும் அனுப்பியே ஆக வேண்டியவர். அந்தக் காரணத்தைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுவதுதான் சரி: "அறுவை மருத்துவர் இல்லை. வயிற்றில் ரத்தம். உடனடி அறுவை தேவை. நேரம் வீணாகாமலிருக்க சி.டி. எடுக்கவில்லை." இந்த வரிகளைப் படிக்கும் டாக்டர் ஆம்புலன்ஸ் வந்து சேரும் முன்பே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லலாம். 'மேல்சிகிச்சைக்காக' என்ற சொல்லைப் படித்து யாரும் தியேட்டரைத் தயார் செய்வதில்லை.

விபத்து சிகிச்சையில் இந்த ஒழுங்கு வந்ததற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறிய விமானம் வயலில் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். குழந்தைகளுக்குப் பலத்த காயம். முதலில் போய்ச் சேர்ந்த சிறிய மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை ஸ்டைனரை உலுக்கிவிட்டது. எதை முதலில் பார்ப்பது, எதை முதலில் செய்வது என்ற முறை அங்கே யாரிடமும் இல்லை. அவரும் சகாக்களும் 1978-ல் தொடங்கிய பயிற்சியை 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்றுக்கொண்டது. ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில் இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுவது அதுதான். மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்று ஒரே வரிசையில் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து பரவியது. நல்ல ரெஃபரல் கடிதமும் அதே வரிசையில்தான் ஓடும்.

நம் நோயாளிக்குத் திரும்புவோம். 8.25-க்கு அவருக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், பத்து நிமிடத்தில் நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் மருந்து இது, விலையும் குறைவு. 2010-ல் வெளியான 'க்ராஷ்-2' ஆய்வு, 40 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து, இது உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் பயன் இல்லாததோடு தீங்கும் நேரலாம் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. முதல் டோஸைத் தொடர்ந்து இன்னொரு கிராம் எட்டு மணி நேரத்துக்கு மெல்ல ஏற வேண்டும்.

ஆம்புலன்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 10.25-க்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முடிய பதினைந்து நிமிடமே மிச்சம். கடிதத்தில் விபத்து நடந்த நேரமும் இல்லை, மருந்து கொடுத்த நேரமும் இல்லை என்றால் அங்குள்ள டாக்டர் என்ன செய்வார்? கொடுக்கவில்லை என்று நினைத்து முதல் டோஸையே மறுபடி ஏற்றலாம். கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து இரண்டாவது டோஸையும் விட்டுவிடலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எழுதாமல் விட்ட ஒரு நேரம்.

8.30-க்கு இடது நெஞ்சில் குழாய் போடப்பட்டது. காற்றோடு சேர்ந்து 400 மில்லி ரத்தம் பாட்டிலில் இறங்கியது. இங்கே அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். பாட்டிலின் மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டி, ரத்தம் நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு கிழித்து, பக்கத்தில் 9.15 என்று எழுதுகிறார். போய்ச் சேரும்போது ரத்தம் அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்று அங்கே முடிவெடுப்பார்கள். மணிக்கு 200 மில்லி வீதம் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து வந்தால் அது அபாய அறிகுறி. மொத்த அளவை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வழியில் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைக்கக் கூடாது, பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. அடைத்தால் காற்று உள்ளேயே சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் நெரித்துவிடும்.

அடுத்தது ரத்தம். குரூப் பார்க்க நேரமில்லாமல் ஓ பாசிட்டிவ் இரண்டு யூனிட் ஏற்றினார்கள். வேறொருவர் ரத்தம் கலந்த பிறகு எடுக்கும் மாதிரியில் குரூப் பார்ப்பது ரத்த வங்கிக்குக் குழப்பம். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே எடுத்த ரத்தக் குப்பியில் பெயரும் நேரமும் எழுதிக் கடிதத்தோடு ஒட்டி அனுப்புகிறார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு படுக்கை விரிப்பை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். 'அவிழ்க்க வேண்டாம்' என்று அதற்கும் ஒரு வரி.

இனி தலைக்கு வருவோம். பெரும்பாலான கடிதங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நினைவு நிலையை மதிப்பிட ஜி.சி.எஸ். என்ற அளவுகோல் இருக்கிறது. முழு விழிப்பு 15, மிகக் குறைந்தது 3. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். நம் நோயாளி வந்தபோது 13. கேட்டால் குழப்பமாகப் பதில் சொன்னார், சொன்னபடி கையை அசைத்தார். 8.55-க்கு 10. வலிக்கு மட்டும் கண் திறந்தார். ஐந்து நிமிடம் கழித்து மயக்க மருத்துவர் மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் போட்டுவிட்டார். வழியில் மூச்சு நின்றுவிடாமலிருக்க அது தேவை.

ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்து வேலை செய்யும்வரை கைகாலும் அசையாது. 10.25-க்கு அவரைப் பார்க்கும் நரம்பியல் அறுவை மருத்துவர் முன்னால் இருப்பது அசைவற்ற ஓர் உடல். மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டு நிலை சரிந்துகொண்டிருந்தவரா, மருந்தால் உறங்குபவரா என்று பார்த்துச் சொல்ல அவருக்கு வழியில்லை. "8.15-க்கு 13, 8.55-க்கு 10, 9.00-க்கு மூச்சுக்குழாய், அதுவரை இரண்டு கண்மணிகளும் சமம், வெளிச்சத்துக்குச் சுருங்கின" என்ற ஒரு வரி அவருக்கு வழி காட்டும். நாற்பது நிமிடத்தில் மூன்று மதிப்பெண் குறைந்திருக்கிறது என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. 'நினைவு குறைவு' என்று மட்டும் எழுதினால் அந்தச் செய்தி ஜி.எச்.சிலேயே தங்கிவிடும்.

இத்தனையும் சேர்ந்தாலும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. எழுத ஐந்து நிமிடம் ஆகும். அதற்காக வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. ஒருவர் ரத்தம் ஏற்றும்போது இன்னொருவர் எழுத வேண்டும். கடிதத்துக்கு முன்னால் ஒரு போன் போக வேண்டும் என்பதும் முக்கியம்.

"சார், ஜி.எச். கேஷுவாலிட்டியிலிருந்து பேசுறேன். முப்பத்தஞ்சு வயசு ஆண், பைக் – லாரி. வயித்துல ரத்தம், பி.பி. தொண்ணூத்திரண்டு, டியூப் போட்டிருக்கு. சர்ஜன் இல்லாததால அனுப்புறோம், ஒன்பது இருபதுக்குக் கிளம்புறோம்."

"சரிப்பா, நேரா சிவப்பு ஏரியாவுக்கு வரச் சொல்லு. பிளட் பேங்க்ல சொல்லிடுறேன். ஜி.சி.எஸ். எவ்வளவு இருந்தது?"

பேச்சு அரை நிமிடம்தான். தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். இந்தப் போன் வந்துவிட்டால் இவருக்கான சிவப்புப் படுக்கை காலியாக இருக்கும். வராவிட்டால் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்று முதலிலிருந்து விவரம் சொல்ல வேண்டியிருக்கும்.

உறவினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர விபத்து சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்புவரை பணம் கட்ட வேண்டியதில்லை. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, அவசர சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. எனவே அந்த இரவில் பணத்தையும் அனுமதியையும் நினைத்துப் பதற வேண்டாம். டாக்டர் கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். வண்டி கிளம்பும் முன் கடிதத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டாம். பின்னால் வேறு வண்டியில் வருபவரிடம் கடிதம் சிக்கிக்கொண்டால் நோயாளிக்கு அது பயன்படாது. நோயாளியோடு உள்ளே உட்காரும் 108 ஊழியர் கையில் அதைக் கொடுத்துவிடுங்கள்.