கோன், பாபின், போனஸ்: அப்புச்சியின் ஆங்கிலப் பாடம்

கோயமுத்தூர்ப் பக்கம் நூல் மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவரிடம், "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "நமக்கு அதெல்லாம் எங்கீங்க தெரியும்?" என்பார். அடுத்த மூச்சிலேயே, "அன்னிக்கு செகண்ட் ஷிப்ட் முடிச்சு, கோன் வைண்டிங் சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு..." என்று பழைய கதை ஒன்றை எடுத்துவிடுவார். அந்த அரை வரிக்குள் ஆறு ஆங்கிலச் சொற்கள் இருப்பது அவருக்கே தெரியாது.

பேரப்பிள்ளையின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரும் தாத்தாவைப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார் என்று நினைத்துவிடுகிறோம். அது சரியல்ல. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒரு சொல்லின் பொருள், ஒலி, எழுத்து மூன்றையும் ஒன்றாகக் கற்க வேண்டியிருக்கிறது. தாத்தாவுக்குப் பொருளும் ஒலியும் பாதிச் சொற்களுக்கு ஏற்கெனவே கைவசம் உண்டு. காகிதத்தில் அது எப்படி இருக்கும் என்பதுதான் பாக்கி.

எனக்குத் தெரிந்த ஓர் அப்புச்சியின் கதை இது. எழுபதைத் தாண்டியவர். ஐந்தாவதோடு பள்ளியை விட்டு மில்லுக்குப் போனவர். தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பார். மகள் வயிற்றுப் பேத்தி அரசுப் பள்ளியில் இரண்டாவது படிக்கிறாள். சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது இவரும் பழைய நோட்டு ஒன்றை விரித்துக்கொள்வார்.

முதலில் அவராக எழுதிப் பார்த்த சொல் 'பஸ்'. பி, யூ, எஸ், எஸ், யூ என்று ஐந்து எழுத்து போட்டிருந்தார். "கடைசி எஸ்ஸும் யூவும் எதுக்குங் அப்புச்சி?" என்றாள் பேத்தி. "அப்புறம் 'பஸ்ஸு'ன்னு எப்படிக் கண்ணு முடியும்?" என்றார் அவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பேச்சுத் தமிழில் ஒரு சொல்லை வல்லின மெய்யில் மொட்டையாக நிறுத்த நம் நாக்குக்குப் பிடிக்காது. ஓர் உகரத்தைச் சேர்த்து பேங்கு, டிக்கெட்டு, லைட்டு என்று முடிப்போம். அதேபோல் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' இன்னொரு மெய்யோடு சேர்ந்து வந்தால் பல நேரம் முன்னால் ஓர் இகரத்தை வைத்து 'இஸ்கூலு' என்போம். அப்புச்சி படஅகராதியில் பள்ளிக்கூடத்தை ஐ எழுத்தின் கீழ்தான் நெடுநேரம் தேடினார். பிறகு பேத்தியே ஒரு வழி சொன்னாள்: வாயில் வருகிறபடி முதலில் எழுதிவிட்டு, முன்னால் நிற்கும் 'இ'யையும் பின்னால் நிற்கும் 'உ'வையும் அடித்துவிட வேண்டும். பல சொற்களுக்கு இது சரியாகவே வந்தது.

அடுத்த சிக்கல் ஒரே ஒலிபோலத் தெரியும் எழுத்துகள். தமிழில் 'ப' ஒன்றுதான். 'பல்' என்னும்போது அழுத்தமாகவும், 'அம்பு' என்னும்போது மென்மையாகவும் ஒலிக்கும். இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள், அந்த இரண்டின் பெயரையும் நான் 'பி' என்றுதான் எழுத முடிகிறது. பேத்தி அதை 'பேட்டுக்கு வர்ற பி', 'பென்சிலுக்கு வர்ற பி' என்று பிரித்தாள். அப்புச்சிக்கு அது பதியவில்லை. 'பாபினுக்கு வர்ற பி', 'பிரஸ்ஸுக்கு வர்ற பி' என்று தன் சொற்களில் மாற்றிக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது.

கோன் என்ற சொல் இன்னொன்றைக் கற்றுக்கொடுத்தது. சி, ஓ, என், ஈ. எழுதியதை அப்படியே படிக்கும் தமிழ்ப் பழக்கத்தில் 'கோனி' என்றார். ஃபிரேமும் அவருக்கு 'ஃபிரேமி' ஆனது. "கடைசி ஈ பேசாதுங். ஆனா முன்னாடி இருக்கிற எழுத்தை நீட்டிவிடும்" என்றாள் பேத்தி. சைக்கிள் என்ற சொல்லில் இரண்டு சி இருக்கின்றன. முதலாவது 'ஸ்', இரண்டாவது 'க்'. சி எழுத்துக்குப் பின்னால் ஈ, ஐ, ஒய் ஆகிய மூன்றில் ஒன்று வந்தால் 'ஸ்', மற்றபடி பெரும்பாலும் 'க்' என்ற விதியை அந்த ஒரு சொல்லை வைத்தே பிடித்துக்கொள்ளலாம்.

பள்ளிப் புத்தகம் கைவிடுகிற இடமும் உண்டு. அதிலுள்ள பாடங்கள் பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். கடைப் பலகையும் மருந்து அட்டையும் பெரிய எழுத்தில் கத்தும். புத்தகத்தில் சரளமாகப் படித்த சொல்லையே அப்புச்சி வெளியில் அடையாளம் தெரியாமல் கடந்துபோனார். அதனால் நோட்டில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு வடிவிலும் எழுதினார். நாளுக்கு மூன்று சொல், அவ்வளவுதான். மறுநாள் கையால் மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பார். ஒரு வாரம் கழித்தும் நினைவிருந்தால் பக்கத்தில் ஒரு டிக்.

புத்தகத்தின் யானையும் ஆப்பிளும் குழந்தைக்கானவை. பெரியவருக்கு அவர் புழங்கும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் செய்து காட்டினார். சுமார் 300 உழைப்பாளிகளுக்கு ஏறத்தாழ 40 மணி நேர வகுப்பு. அவர் முறையில் பாடச் சொற்கள் 'செங்கல்' போலப் படிப்பவர்களின் வேலையிலிருந்தும் வாழ்விலிருந்தும் வந்தவை. 1990களில் நம் ஊரில் நடந்த அறிவொளி இயக்கத்திலும் இந்தச் சிந்தனையின் தாக்கம் உண்டு.

அப்புச்சிக்கு இன்றைய செங்கல் எது? அவர் கைபேசிக்கு வரும் வங்கிச் செய்திதான். பணம் வந்தால் 'கிரெடிட்டட்', போனால் 'டெபிட்டட்'. இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றே, தலையில்தான் வித்தியாசம். வாய் திறந்த பிறைபோல சி எழுத்தில் தொடங்கினால் வரவு, குச்சியோடு நிற்கும் டி எழுத்தில் தொடங்கினால் செலவு. ஓ-டி-பி என்ற மூன்றெழுத்து வந்தால் பக்கத்திலுள்ள எண்ணை யார் போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது. அடுத்தது மாத்திரை அட்டை. ஈ-எக்ஸ்-பி என்ற மூன்றெழுத்தை அடுத்து வரும் மாதமும் வருடமும்தான் காலாவதித் தேதி. வெள்ளி அட்டையின் பளபளப்பில் அது கண்ணுக்கு எளிதில் படாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடையில் வெட்டிக் கொடுக்கும்போது தேதியுள்ள துண்டு கடைக்காரரிடமே நின்றுவிடும். இப்போது அப்புச்சி அந்தப் பக்கத்துத் துண்டைக் கேட்டு வாங்குகிறார்.

ஆங்கில நாளிதழ் அவருக்குப் படிக்க வராது. முழு வாக்கியம் வந்தால் திணறுகிறார். சொற்களைக் கண்டுபிடிக்க முடிகிறதே தவிர, அவற்றைக் கோக்கும் இலக்கணம் கைக்கு வரவில்லை. பள்ளிப் புத்தகம் முதல் சில மாதங்களுக்கு நல்ல துணை. அதற்கப்புறம் மருந்து அட்டையும் வங்கிச் செய்தியும்தான் அவருக்குப் பாடநூல்.

உங்கள் வீட்டுப் பெரியவர் கைபேசியை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால், உடனே படித்துச் சொல்லிவிடாதீர்கள். "முதல் எழுத்து என்னங்க?" என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். ஆண்டு முடிந்ததும் பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பேப்பர்க் கடைக்குப் போடாமல், அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.