தினக்கடைசி நிலுவை

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையின் நீரை நம்பி நெல்லும் கரும்பும், மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகின்ற வடக்கனந்தல் வட்டாரத்தில் உரக்கடை நடத்துகிறவருக்குப் பணம் மாதச் சம்பளத்தைப் போல் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. விதைப்புக் காலத்தில் கடனாகப் போன மூட்டைகள் அறுவடைக்குப் பிறகே ரொக்கமாகத் திரும்புகின்றன. சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியோ அதுவரை பொறுத்திருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே நடப்புக் கணக்கில் ஓவர்டிராப்ட் வசதி வாங்குகிறார்கள். ஆனால், அதன் வட்டி எப்படி விழுகிறது என்பதை வாங்கியவர்களில் பலர் விசாரிப்பதே இல்லை.

வங்கி ஒவ்வொரு நாள் இரவும் கணக்கை மூடும்போது எவ்வளவு பற்று நிற்கிறதோ, அந்தத் தொகைக்கு மட்டுமே அன்றைய வட்டியைக் கணிக்கிறது. காலையில் கட்டி மாலையில் எடுத்துவிட்ட பணத்தால் ஒரு பைசாவும் குறையாது. ஞாயிறும் பண்டிகையும் கணக்கிலிருந்து விலக்கப்படுவதில்லை. சனிக்கிழமை இரவு நின்ற நிலுவைதான் ஞாயிற்றுக்கிழமைக்கும் வட்டி சுமக்கிறது. முப்பது நாள் வட்டியையும் கூட்டி மாதக் கடைசியில் கணக்கிலேயே பற்று எழுதுகிறார்கள். மறுநாள் முதல் அந்த வட்டிக்கும் வட்டி உண்டு.

உதாரணமாக, ஐந்து லட்சம் லிமிட்டும் ஆண்டுக்கு 10.95 விழுக்காடு வட்டியும் உள்ள ஓர் உரக்கடையை வைத்துக்கொள்வோம். அப்படியானால் லட்சத்துக்கு நாளொன்றுக்குச் சரியாக 30 ரூபாய். ஜூன் முதல் பத்து நாள் நான்கு லட்சம் பற்றில் நிற்கிறது. பதினோராம் தேதி விவசாயிகளிடமிருந்து மூன்று லட்சம் வசூலாகிறது. இருபத்தோராம் தேதி அதே மூன்று லட்சத்தை மொத்த வியாபாரிக்குக் கொடுத்தாக வேண்டும். வசூலை அன்றைக்கே ஓ.டி. கணக்கில் செலுத்தினால், நடுவிலுள்ள பத்து நாளும் பற்று ஒரு லட்சமாக இறங்கி, மாத வட்டி 2,700 ரூபாயில் முடியும். எப்படியும் கொடுக்கவேண்டிய பணந்தானே என்று பெட்டியில் வைத்திருந்தால் 3,600 ரூபாய். சேமிப்புக் கணக்கில் போட்டு அது 2.5 விழுக்காடு தந்தாலும், பத்து நாளைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 205 ரூபாய், இழப்பதோ 900.

கல்லாவுக்கு எதிரே ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையையும் பார்க்கவேண்டும். கடை தொடங்கிய நாளில் முதலாளியின் சொந்தச் சேமிப்புக் கணக்கோடு இணைத்த அட்டை அப்படியே நீடித்தால், வாடிக்கையாளர் செலுத்துவதெல்லாம் அங்கே சென்று தங்கும், இங்கே ஓ.டி. கணக்கு முழுப் பற்றோடு வட்டி சுமந்துகொண்டிருக்கும். அட்டையை ஓ.டி. கணக்கோடு இணைப்பது ஒரு நாள் வேலை.

லிமிட்டின் விளிம்பிலேயே நிற்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. மாதம் முழுவதும் ஐந்து லட்சமும் பற்றில் இருந்தால் வட்டி 4,500 ரூபாய். அது பற்று எழுதப்பட்டவுடன் கணக்கு லிமிட்டைத் தாண்டிவிடும், அபராதக் கட்டணமும் தொடரும். அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக்கூடாது, தனிக் கட்டணமாகவே வசூலிக்கவேண்டும், அதன்மீது வட்டி ஏற்றக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அதற்காக அபராதமே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. வட்டித் தொகைக்கு வேண்டிய இடத்தை மாதக் கடைசிக்கு முன்பே லிமிட்டுக்குள் ஒதுக்கி வைப்பதே விவேகம்.

ஆண்டுக்கொருமுறை வரும் ரினியூவல் கட்டணத்தின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் பயன்படுத்திய தொகைக்கல்ல, அனுமதித்த லிமிட்டுக்கே விதிக்கப்படுகிறது. அரை விழுக்காடு என்று கொண்டால் ஐந்து லட்சத்துக்கு 2,500 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 2,950. சராசரியாக மூன்று லட்சம் எடுப்பவருக்கு இது ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுதல் வட்டிக்குச் சமம். ஐம்பதாயிரம் மட்டுமே எடுப்பவருக்கோ 5.9 விழுக்காடு. கௌரவத்துக்காகப் பெரிய லிமிட் வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது வீண் செலவு என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் கட்டணத்துக்கு அஞ்சிப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவது அதைவிடக் கேடு. தவணைத் தேதியிலிருந்து 180 நாளுக்குள் புதுப்பிக்கப்படாத கணக்கை, வட்டி ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தாலும், வாராக்கடனாகவே வங்கி வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இருப்புக் கணக்கு, ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை இரண்டு மாதம் முன்னதாகவே கிளையில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்போது சென்ற மாத ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நாளின் கடைசி நிலுவையையும் வரிசையாக எழுதிக் கூட்டி, உங்கள் வட்டி விகிதத்தால் பெருக்கி, 36,500 ஆல் வகுத்துப் பாருங்கள். பற்று எழுதிய வட்டியோடு அது ஒத்துவராவிட்டால் மேலாளரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.

(தொடரும்)