மாறியதை மட்டும் அனுப்பும் சர்வர்

1999-இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘குவேக் 3 அரீனா’, பலர் இணையம் வழியாக ஒரே களத்தில் மோதும் சுடும் விளையாட்டு. யார் எங்கே நிற்கிறார், எந்த ராக்கெட் எங்கே பறக்கிறது என்ற நிலவரத்தை அதன் சர்வர் வழக்கமாக வினாடிக்கு 20 முறை கணக்கிட்டு ஆட்டக்காரர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு நிலவரத்துக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ என்று பெயர். அன்று பலரிடம் இருந்தது தொலைபேசி மோடம்தான். அதன் வேகம் வினாடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டாது. அதற்குள் ஆட்டத்தை அடக்கிய விதத்தை, 2005-இல் வெளியான மூல நிரலில் இன்றும் படிக்கலாம்.

ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். கணினி நினைவகத்தில் ஒவ்வொன்றும் 32 பிட். ஓர் எண் 812.37 என்று வைத்துக்கொள்வோம். களத்தில் ஓர் ஆளின் உயரமே 56 அலகு என்பதால், 0.37 அலகு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சர்வர் பின்னத்தை விட்டுவிட்டு 812-ஐ எடுத்துக்கொள்கிறது. எதிர்மறை எண்களும் வரக்கூடும் என்பதால் 4096-ஐக் கூட்டி, 4908 என்று 13 பிட்டில் எழுதுகிறது. இந்த வீச்சுக்குள் அடங்காத எண் மட்டும் முழு 32 பிட்டில் போகும்.

இப்படி முழு எண்ணாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், ஆட்டக்காரரின் கணினி அவரது அசைவைத் தானே கணித்துக் காட்டுகிறது. சர்வர் ஒரு எண்ணையும் கணினி இன்னொரு எண்ணையும் வைத்துக் கணக்கிட்டால், ஆள் திரையில் வெட்டி வெட்டி நகர்வார். அதனால் வேகத்தை முழு எண்ணாக்கும் வரி, இருபுறமும் ஓடும் ஒரே நகர்வு நிரலுக்குள் வைக்கப்பட்டுள்ளது.

அடுத்தது டெல்டா சுருக்கம். சர்வர் புதிய நிலவரத்தைப் பழையதோடு ஒப்பிட்டு, மாறிய புலங்களை மட்டும் அனுப்புகிறது. அனுப்புவது வித்தியாசத்தை அல்ல, புதிய மதிப்பையே. அசையாத பொருளுக்கு ஒரு பிட் கூடச் செலவாவதில்லை. பின்னம் ஏற்கெனவே நீங்கிவிட்டதால், நின்றுகொண்டிருப்பவரின் இடம் துளித்துளியாக மாறியதாகவும் தோன்றாது. முதல் உத்திதான் இரண்டாவதற்கு வழிவிடுகிறது.

எந்தப் பழைய நிலவரத்தோடு ஒப்பிடுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. விளையாட்டு பயன்படுத்தும் யூடிபி முறையில், தொலைந்த பொட்டலம் தானாக மறுபடி வராது. 11-ஆம் ஸ்னாப்ஷாட் தொலைந்த பிறகு அதோடு ஒப்பிட்டு 12-ஐ அனுப்பினால், பெறும் கணினியால் அதைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே கணினி ‘10 வந்து சேர்ந்தது’ என்று கடைசியாகத் தெரிவித்திருந்தால், சர்வர் 11, 12, 13 எல்லாவற்றையும் 10-ஓடுதான் ஒப்பிடும். இடையில் இரண்டு தொலைந்தாலும் 13 மட்டுமே போதும்.

இதற்காகச் சர்வர் ஒவ்வொருவருக்கும் கடைசி 32 ஸ்னாப்ஷாட்டுகளை வைத்திருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை வினாடி நேரம். அதற்கும் மேல் ஒப்புகை வராவிட்டால் முழு நிலவரத்தையும் அனுப்பியாக வேண்டும். மெதுவான இணைப்பில் அந்தப் பெரிய செய்தியே அடுத்ததைத் தாமதப்படுத்தும். `cg_lagometer 1` என்று கொடுத்தால் திரையின் மூலையில் தோன்றும் வரைபடத்தில் இதைக் காணலாம்: தொலைந்த ஸ்னாப்ஷாட் சிவப்புக் கோடாகவும், வேக வரம்பால் தாமதமானது மஞ்சளாகவும் தெரியும்.