சேவை மனப்பான்மை மட்டும் போதாது

செவிலியர் முதுநிலைப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை, 'சிறு வயதிலிருந்தே நோயாளிகளுக்குச் சேவை செய்ய ஆசை' என்றுதான் தொடங்குகின்றன. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்வுக் குழு அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வருவதை அவர் கவனிக்கிறார். இரவு ஷிப்டில் ஆள் குறைவு. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது தள்ளிப்போகிறது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரேடன் அளவுகோலால் மதிப்பிடத் தொடங்குகிறார். ஆறு அம்சங்கள், மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண். குறையக் குறைய ஆபத்து கூடும். மதிப்பெண் குறைந்தவர்களை முதலில் புரட்ட ஒரு அட்டவணை போடுகிறார். பலன் தெரிகிறது. ஆனால் அதற்குக் காரணம் அட்டவணைதானா என்று நிரூபிக்க அவருக்கு ஆய்வு முறை தெரியாது.

கடிதத்தின் உயிர் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. முதுநிலைப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதில். அதையொட்டி, விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறையைக் கற்பிக்கும் பாடத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும். நோயாளியின் அடையாளம் எங்கும் வெளிப்படக் கூடாது.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையில் படிப்பவர்கள், முடித்ததும் இரண்டு ஆண்டுகளாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும். அங்கேயே வேலையில் சேர்வதுதான் திட்டமென்றால் அதற்கு விண்ணப்பிக்காதீர்கள்.