பிறவியிலேயே உருவாகாத நிலைப்பற்கள்: செயற்கைப் பல்லுக்கு முன்னர் இடத்தைக் காப்பதே முதல் சிகிச்சை

புதுதில்லி: பாற்பல் விழ வேண்டிய வயது கடந்தும் விழாமல் நிற்பதும், அது விழுந்த இடத்தில் நெடுநாள் பல் முளைக்காமல் இருப்பதும் பெரும்பாலும் தாமதம் என்றே கருதப்படுகின்றன. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த இடத்திற்குரிய நிலைப்பல் தாடை எலும்புக்குள் உருவாகவே இல்லை என்பதுதான் உண்மை நிலை. இவ்வாறு பல் பிறவியிலேயே இல்லாதிருப்பதை மருத்துவர்கள் 'ஹைப்போடான்ஷியா' என்று அழைக்கின்றனர்.

ஞானப்பற்களைக் கணக்கில் கொள்ளாமல், 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு இக்குறை காணப்படுவதாகப் பல நாடுகளின் ஆய்வுத் தொகுப்புகள் தெரிவிக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களிடம் இது சற்று அதிகம். பெரும்பாலானோருக்கு ஒன்று அல்லது இரண்டு பற்கள் மட்டுமே இருப்பதில்லை. கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும், மேல்தாடையில் நடுப்பற்களை அடுத்துள்ள பக்கவாட்டு வெட்டுப்பல்லும் அடிக்கடி உருவாகாமல் போகும் பற்களாகும். இவற்றுள் சிரிக்கும்போது உடனே புலப்படுவது பக்கவாட்டு வெட்டுப்பல்லின் குறை என்பதால், பெற்றோர் அவசரப்பட்டு முடிவெடுப்பதும் இதில்தான் மிகுதி.

காரணம் என்ன?

குழந்தையின் உணவுப் பழக்கமோ, பல் துலக்காமையோ இதற்குக் காரணமன்று. பல் அரும்பு தோன்றுவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஏற்படும் மாற்றமே முதன்மைக் காரணம். எம்.எஸ்.எக்ஸ்.1, பேக்ஸ்9 ஆகிய மரபணுக்கள் இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பல் இல்லாமலும், மற்றொருவருக்கு அதே பல் கூம்பு வடிவில் சிறியதாகவும் இருப்பதுண்டு. இரண்டும் ஒரே குறையின் வெவ்வேறு அளவுகள் ஆகும். பிளவுபட்ட உதடு மற்றும் அண்ணம், மிக இளம் வயதில் புற்றுநோய்க்காக அளிக்கப்படும் கீமோதெரபி அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவற்றாலும் பற்கள் உருவாகாமல் போகலாம்.

ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லாதிருந்தால் அது வேறு நிலை. அப்போது பல்லை மட்டுமன்றி உடல் முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். சிந்து மாகாணத்தைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாகப் பத்து ஆண்களுக்கு மிகச் சில பற்களே இருந்ததையும், உடலில் முடி குறைந்து, வெப்பக் காலத்தில் தோல் வறண்டு அவர்கள் அவதியுற்றதையும் சார்லஸ் டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்துள்ளார். அக்குடும்பத்துப் பெண்கள் பாதிக்கப்படாதபோதும் தம் மகன்களுக்கு அக்குறையைக் கடத்தினர் என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார். இன்று அது 'எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா' எனப்படுகிறது. பற்கள் குறைவாக உள்ள குழந்தைக்கு முடியும் அடர்த்தியின்றி, வெயிலில் வியர்க்காமலும் இருந்தால், கோடையில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும் என்பதால் குழந்தைகள் நல மருத்துவரை அணுகுவது அவசியம்.

எப்போது உறுதி செய்யலாம்?

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே மூலம் இக்குறை உறுதி செய்யப்படுகிறது. எனினும் எல்லாப் பற்களுக்கும் ஒரே வயது பொருந்தாது. மேல் பக்கவாட்டு வெட்டுப்பல் ஒரு வயதை ஒட்டியே கடினமாகத் தொடங்குவதால், 6 வயதுப் படத்தில் அது தென்படவில்லையெனில் இல்லை என்றே கொள்ளலாம். இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லோ சில குழந்தைகளுக்கு மிகவும் தாமதமாக உருவாகும். எனவே 9 வயதுக்கு முன்னர் அது இல்லை என முடிவு செய்வதோ, அதன் மேலுள்ள பாற்பல்லைப் பிடுங்குவதோ தவறாகிவிடும்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டிய அறிகுறியை வீட்டிலேயே கவனிக்க இயலும். ஒரு பக்கத்தில் நிலைப்பல் முளைத்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் மறுபக்கத்தில் அதே பல் வரவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு சிறுமியின் பத்தாண்டுப் பயணம்

சிகிச்சை முறையைப் புரிந்துகொள்ள, மருத்துவர்கள் வழக்கமாகச் சந்திக்கும் ஒரு நிலையை எடுத்துக்காட்டாகக் காணலாம். ஒன்பது வயதுச் சிறுமிக்கு மேல்வரிசையில் வலப்பக்க வெட்டுப்பல் கூம்பு வடிவில் சிறியதாக முளைத்துள்ளது. இடப்பக்கத்தில் பாற்பல் அசையாமல் நிற்கிறது. எக்ஸ்ரேயில் அதன் மேல் நிலைப்பல் இல்லை. அதற்கு அடுத்த கோரைப்பல் தனக்குரிய இடத்தை விட்டு, காலியான இடத்தை நோக்கிச் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

கோரைப்பல் தவறான இடத்தில் வருவதைக் கண்டு பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆயினும் இந்த வயதில் அதைத் தடுக்காமல் விடுவது பெரும்பாலும் நன்மையே தருகிறது. பல் இருக்கும் இடத்தில்தான் தாடை எலும்பு தன் தடிமனைப் பெறுகிறது. பல்லே இல்லாத இடத்தில் எலும்பு மெலிந்து குறுகிவிடும். கோரைப்பல் காலி இடத்தில் இறங்கி, பின்னர் கம்பி மூலம் மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தப்படும்போது, அது கடந்து வந்த வழியில் எலும்பு உருவாகிறது. பிற்காலத்தில் செயற்கை வேர் பொருத்த அந்த எலும்பே தேவைப்படும்.

அடுத்து 12 வயதை ஒட்டி முக்கியமான முடிவு எடுக்கப்படுகிறது. இடத்தை மூடுவதா, திறந்து வைப்பதா என்பதே அது. சிறுமியின் கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் சரியாகப் பொருந்துகின்றன. கீழ்வரிசையில் நெருக்கடி இல்லை. மேற்பற்கள் முன்னே துருத்தவில்லை. எனவே அவருக்கு இடத்தைத் திறப்பதே ஏற்றது. விழாமல் நிற்கும் பாற்கோரைப்பல் அகற்றப்பட்டு, நிலையான கோரைப்பல் கம்பியின் உதவியால் அவ்விடத்திற்குப் பின்னகர்த்தப்படுகிறது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. பக்கவாட்டு வெட்டுப்பல்லின் சராசரி அகலம் சுமார் 6.5 மில்லிமீட்டர். பிற்காலத்தில் 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள இம்பிளான்ட் பொருத்துவதாயின், அதன் இருபுறமும் அண்டைப் பல்லின் வேர் வரை தலா 1.5 மில்லிமீட்டர் எலும்பு வேண்டும். கூட்டினால் அதே 6.5 மில்லிமீட்டர் வருகிறது. வலப்பக்கக் கூம்புப் பல் 5 மில்லிமீட்டர் அகலமே இருப்பதால், அதைச் சுற்றி 1.5 மில்லிமீட்டர் இடைவெளி உருவாக்கப்பட்டு, பல்லின் நிறமுள்ள காம்போசிட் கொண்டு அது நிரப்பப்படுகிறது. இதனால் இரு பக்கமும் ஒத்த அளவைப் பெறுகின்றன.

இக்கட்டத்தில் நேரும் பிழை வெளியே தெரிவதில்லை. பற்களின் மேற்பகுதி விலகியிருந்தாலும், ஈறுக்குள் வேர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கலாம். அவ்வாறாயின் கண்ணுக்கு இடம் போதுமானதாகத் தோன்றினாலும் இம்பிளான்ட் பொருத்த இயலாது. ஆகவே கம்பியைக் கழற்றும் முன்னர் எக்ஸ்ரே எடுத்து, இரு வேர்களும் இணையாக உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். கழற்றிய பின்னர் ரிட்டெய்னர் அணியாவிடில், வேர்கள் மீண்டும் சாய்ந்து இடம் குறுகிவிடும்.

இம்பிளான்ட் ஏன் 15 வயதில் கூடாது?

கம்பி கழற்றப்படும்போது சிறுமிக்கு ஏறத்தாழ 15 வயது. உடனே இம்பிளான்ட் பொருத்திவிட வேண்டும் என்பதே பல குடும்பங்களின் விருப்பம். ஆனால் இயற்கைப் பற்கள், தாடை வளர வளர அதனுடன் சேர்ந்து இறங்குகின்றன. இம்பிளான்ட்டோ எலும்புடன் நேரடியாக ஒட்டிவிடுவதால் பொருத்திய இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அண்டைப் பற்கள் கீழிறங்க, செயற்கைப் பல் மட்டும் மேலே தங்கி, குட்டையாகத் தோன்றும். ஈறின் விளிம்பும் சமமின்றிப் போகும். ஒட்டிவிட்ட இம்பிளான்ட்டைக் கம்பியால் நகர்த்த முடியாது.

எனவே வளர்ச்சி நின்றதை உறுதி செய்த பிறகே அது பொருத்தப்பட வேண்டும். பெண்களுக்கு இது பொதுவாக 17 அல்லது 18 வயதுக்குப் பின்னரும், ஆண்களுக்கு 20 வயதைக் கடந்தும் நிகழ்கிறது. வயதை மட்டும் நம்பாமல், ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு பக்கவாட்டு முக எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, மாற்றம் இல்லை எனக் கண்டறிவதே நம்பகமான வழி. அதன் பின்னரும் முகத்தில் சிறு மாற்றங்கள் தொடர்வதால், நடுவயதில் சற்று வேறுபாடு தோன்றக்கூடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பல் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. ரிட்டெய்னரிலேயே செயற்கைப் பல்லைப் பதித்துத் தருவது எளிய வழி. அதைவிட வசதியானது ஒட்டு பிரிட்ஜ் ஆகும். செயற்கைப் பல்லின் பின்புறமுள்ள மெல்லிய இறக்கை ஒன்று அண்டைப் பல்லின் உட்பக்கத்தில் ஒட்டப்படுகிறது. ஒரே பல்லில் ஒட்டப்படுவதால், அந்தப் பல் வளர்ச்சியில் நகரும்போது செயற்கைப் பல்லும் உடன் நகர்கிறது. இரு பக்கமும் ஒட்டினால் ஒரு பக்கம் தெரியாமலே விடுபட்டு, அதனடியில் சொத்தை உண்டாகலாம். ஒற்றை இறக்கை விடுபட்டால் பல் கழன்று விடுவதால் உடனே தெரிந்துவிடும், மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். சிலர் இதையே நிரந்தரத் தீர்வாகவும் வைத்துக்கொள்கின்றனர். இருபுறப் பற்களையும் தேய்த்துப் பொருத்தும் வழக்கமான பிரிட்ஜ் இளம் வயதினருக்கு ஏற்றதன்று. அவர்களின் பற்களில் நரம்பறை பெரிதாக இருப்பதால், தேய்க்கும்போது நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி.

இடத்தை மூடுவது யாருக்கு?

மேற்பற்கள் துருத்தியிருந்தாலோ, கீழ்வரிசை நெருக்கமாக இருந்து அங்கும் பற்களை அகற்ற வேண்டியிருந்தாலோ, காலி இடத்தை மூடுவதே சிறந்தது. கோரைப்பல் முன்னே கொணரப்பட்டு, அதன் கூர்முனை தேய்க்கப்பட்டு, காம்போசிட் மூலம் வெட்டுப்பல்லின் வடிவம் தரப்படுகிறது. அதன் பின்னுள்ள முன்கடைவாய்ப்பல் கோரைப்பல்லின் இடத்தை ஏற்கிறது. கோரைப்பல் இயல்பாகவே சற்று மஞ்சளாகவும் பருமனாகவும் இருப்பதால் நிறத்தைத் திருத்த வேண்டிவரலாம். எனினும் வாயில் உள்ளவை அனைத்தும் சொந்தப் பற்களே என்பதாலும், பதின்ம வயதிலேயே சிகிச்சை நிறைவுறுவதாலும் இவ்வழியைப் பலர் தேர்ந்தெடுக்கின்றனர்.

மேற்கண்ட சிறுமிக்கு வளர்ச்சி நின்றது 19 வயதில் உறுதியானால், அப்போதுதான் இம்பிளான்ட் பற்றிய கேள்வி எழும். ஒட்டு பிரிட்ஜ் நன்றாக இருப்பின் அதைத் தொடரவும் செய்யலாம். 9 வயதில் எடுத்த படம் முதல் ஒவ்வோர் எக்ஸ்ரேயையும் தேதியுடன் பாதுகாத்து வைப்பது அன்றைய முடிவுக்கு உதவும். இக்குறை மரபு வழி வருவது என்பதால், அவரின் தம்பி, தங்கையர்க்கும் உரிய வயதில் ஓ.பி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது.